ஐம்பது தினார் சீட்டு

ஆடிட்டர் திருப்பி அனுப்பிய ஃபைல் கணக்கரின் மேசைக்கு வந்தது. "மொத்தம் மட்டும் போதாது. பொருள்வாரியாக எழுதவும்" என்று சிவப்பு மையில் குறிப்பு.

மானேஜர் கம்பெனிக்காக வெளிநாட்டில் வாங்கிய சாமான்களுக்கான கடைச் சீட்டு அது. போன மாதம் அவரே கையில் பிடித்துக்கொண்டு, "நான் படிக்கிறேன் மாப்ளே, நீ எழுது. ஐம்பது தினார்" என்றார். தினாருக்கு இருநூற்றிருபது ரூபாய் வீதம் பதினோராயிரம் என்று எழுதி, "படித்துச் சரிபார்த்தேன்" முத்திரைக்குக் கீழே கணக்கர் கையெழுத்துப் போட்டார். மானேஜர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டார். மனைவியின் அண்ணனிடம் சீட்டைப் பிடுங்கியா பார்க்க முடியும்? அந்த நாற்காலியே அவர் போட்டுக் கொடுத்தது.

இப்போது சீட்டு கணக்கர் கைக்கு வந்துவிட்டது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபி, நடுவில் எண்கள். புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார். கையுறை ஆறு ஜோடி, 7.500. துளைப்பான் இரண்டு, 12.000. டேப் நான்கு, 2.000. வரி 2.150. மொத்தம் 23.650.

கடைசியில் தடித்த எழுத்தில் 50.000. இடப்பக்க ஆங்கிலம் மடிப்பில் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் அந்த நாட்டுக் கிடங்கில் இரண்டு வருடம் குப்பை கொட்டிய கணக்கருக்கு வலப்பக்க அரபி புரிந்தது. அது ரொக்கம், கடைக்காரனிடம் மானேஜர் நீட்டிய பணம். அடுத்த வரியில் 26.350, அவன் திருப்பித் தந்த மீதி.

கணக்கர் மொத்தத்தை இருநூற்றிருபதால் பெருக்கிப் பார்த்தார். சீட்டோடு மானேஜர் அறைக்குப் போனார்.

"மச்சான், ஐயாயிரத்து இருநூத்தி மூணுதான் வருது."

மானேஜர் நிமிரவில்லை. "அப்போ கையுறைய ஏத்து, துளைப்பான ஏத்து. பதினோராயிரம் வரணும். அரபி யாரு படிக்கப் போறா?"

"எண்ணு அரபி இல்லையே. ஆடிட்டருக்கும் கண்ணு இருக்கு."

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அப்புறம் என்ன? உனக்குத்தான் அந்த பாஷை தெரியும்னு வேலைல சேத்தேன். தெரிஞ்சவன் தப்பா எழுதினா அதுக்குப் பேரு வேற மாப்ளே."

"நீங்கதானே படிச்சீங்க?"

"எனக்கு அரபி தெரியாதே!" மானேஜர் சிரித்தார். "போ, தங்கச்சி முகத்துக்காகச் சத்தம் போடாம இருக்கேன்."

முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் கழுதை. விலையை ஏற்றினால் சீட்டே காட்டிக்கொடுக்கும். உள்ளதை எழுதினால் மீதி எங்கே என்று கேட்பார்கள்.

கணக்கர் தன் இடத்துக்கு வந்து உள்ளதையே எழுதினார். கையுறை ஆயிரத்து அறுநூற்றைம்பது. துளைப்பான் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. டேப் நானூற்று நாற்பது. வரி நானூற்று எழுபத்துமூன்று. வித்தியாசம் ஐயாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றேழு. அதற்கு எதிரே பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "படித்ததில் என் பிழை. சம்பளத்தில் பிடிக்கவும்" என்று எழுதினார்.

சம்பளத்தில் பிடிக்க மானேஜர் ஒப்புதல் வேண்டும்.

அவர் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "தங்கச்சிகிட்ட எதுவும் சொல்லிக்காதே," என்றார்.