பளபளத்த தேக்சா

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து ஆண்கள் மொட்டைமாடியில் பந்திக்கு உட்கார்ந்திருந்தார்கள். மயிலாப்பூரின் அந்தச் சின்ன வீட்டுச் சமையலறைக்குள் நஸ்ருன்னிசா வந்தாள். செத்துப்போன வலியுல்லாவின் அக்கா, சைதாப்பேட்டைக்காரி. தம்பி மனைவி ஹாஜிரா பீ தால்ச்சாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். நஸ்ருன்னிசாவின் பார்வை அவள் தலைக்கு மேலே, பரணில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியத் தேக்சாவில் போய் நின்றது.

"இதுல புளிய ஊத்தி ஊத்தி கொதிக்க வெச்சிதானே என் தம்பிய கொன்ன?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள். இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் சொன்னது இப்போது முகத்துக்கு நேரே வந்துவிட்டது. ஹாஜிராவுக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

வலியுல்லாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், டயாலிசிஸ் தொடங்கியபோது, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் சாருலதா இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். புளியும் தக்காளியும் அலுமினியத்தில் வெகுநேரம் கொதித்தால், அதே பாத்திரத்தில் ராத்திரி முழுக்கக் கிடந்தால், உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பில் கரையும். உப்பு சேர்ந்தால் இன்னும் கரையும். "உங்களுக்கும் எனக்கும் பெரிசா ஒண்ணும் ஆகாது. கொஞ்சம்தான் உள்ள போகும், அதையும் கிட்னி வெளிய தள்ளிடும். இவருக்குத் தள்ளாது. வருஷக்கணக்கா சேர்ந்தா எலும்பையும் மூளையையும் பிடிக்கும். ஸ்டீலுக்கு மாறிடுங்க." பிறகு, ஏட்டைப் புரட்டிக்கொண்டே, "அதோட புளி, தக்காளி, பருப்பு எல்லாத்தையும் ரொம்பக் குறைக்கணும். பொட்டாசியம் ஏறினா இதயத்துக்கு ஆபத்து" என்றாள்.

முதல் பாதி மட்டுமே வீடு வந்து சேர்ந்தது. பாத்திரத்தை மாற்ற முடிந்தது. நாக்கை மாற்ற முடியவில்லை. மாட வீதியில் கனமான ஸ்டீல் பானை ஒன்று வாங்கினாள் ஹாஜிரா. அதில் பருப்போடு எலும்பும் சுரைக்காயும் போட்டு, புளியும் தக்காளியும் விட்டுத் தால்ச்சா வைத்து, இனி பயமில்லை என்று தைரியமாகப் பரிமாறினாள். "ஸ்டீல்ல புளிப்பு எறங்கவே இல்ல புள்ள" என்று முகம் சுளித்தாலும் வலியுல்லா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஹாஜிரா ஸ்டூல் போட்டு ஏறித் தேக்சாவை இறக்கினாள். உள்ளே நூலாம்படை.

"பாருங்க ஆபா. டயாலிசிஸ் ஆரம்பிச்சதுலேந்து இது அடுப்புல ஏறல. ஸ்டீல்லதான் சமைச்சேன்."

நஸ்ருன்னிசா உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். விரலில் நூலாம்படை ஒட்டியது. நெடுநேரம் அந்த விரலையே பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சி எங்க வூட்டுக்குத்தானே வருவான்" என்றாள், குரல் இறங்கி. "ஸ்டீல் டேஸ்ட்டு புடிக்கல ஆபான்னு. வியாழக்கெழமயே தால்ச்சா வெச்சி, எங்க வூட்டு அலுமினியத் தேக்சாவுலயே வுட்டுடுவேன். ஊறினா ருசி. கழுவி வெச்சி, பாருடா, உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு கீது, உன் பொண்டாட்டி வெச்சிக்கீறாளா இப்டின்னு காட்டுவேன் அவன்கிட்ட."

ஹாஜிராவுக்கு அந்தப் பளபளப்பு தெரியும். தண்ணீர் கொதித்துக் கறுத்துப்போன அலுமினியமும் புளிக்குழம்பு வைத்த பின் புதுசு போல மின்னும். அவளும் ஒரு காலத்தில் அதைச் சுத்தம் என்றே நினைத்திருந்தாள்.

"அது வெளக்கினதால வந்த பளபளப்பு இல்ல ஆபா. புளி அரிச்சது."

"அரிச்சது எங்க போச்சு?"

"குழம்புக்குள்ளதான்."

நஸ்ருன்னிசா அம்மிக்கல் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். "யா அல்லா, என் கையாலயா" என்றாள். யாரும் பக்கத்தில் போகவில்லை.

ஒரு வாக்கியம் போதும். டாக்டர் ஹாஜிராவிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார்: பாத்திரம் இப்படித் திடீரென்று கொல்லாது, பொட்டாசியம் ஏறித்தான் இதயம் நின்றது, புளி, தக்காளி, பருப்பு, எந்தப் பானையில் வெந்தாலும் அது அதுதான். அதைச் சொன்னால் நஸ்ருன்னிசா எழுந்து நிற்பாள். எழுந்ததும் ஸ்டீல் பானையைப் பார்ப்பாள்.

ஹாஜிரா தட்டில் சோறு போட்டு, தால்ச்சா ஊற்றி, நாத்தனார் முன் வைத்தாள்.

"சாப்பிடுங்க ஆபா. ஸ்டீல்ல வெச்சதுதான்."

நஸ்ருன்னிசா தொடவில்லை. சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனாள்.

எல்லோரும் போன பின் மகள் புஷ்ரா பாத்திரங்களை எடுத்துப்போட்டுக்கொண்டே கேட்டாள். "அம்மி, பாத்திரத்தால இல்லன்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"ஆமா."

"நஸ்ருன்னிசா ஃபுப்பு கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

ஹாஜிரா ஸ்டீல் பானையின் அடியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.