ரப்பர் பதம்

என் மனைவி நெவேனா பான்கேக் தின்னும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். ரேடியோ பாடிக்கொண்டிருந்தாலும் அதையும் மீறிக் கேட்கும். வே என்கிற பால் புரதப் பவுடர் இரண்டு கரண்டி, முட்டையின் வெள்ளைக்கரு மூன்று, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் அதில். மாவு இல்லை, மஞ்சள் கரு இல்லை, வெண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை. ப்ளோவ்டிவ் நகரத்தில் எங்கள் ஜிம்முக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காலை உணவே இதுதான். அந்தப் பவுடரை டப்பா டப்பாவாக விற்கிறவன் நான். அதனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு குறை சொல்வது?

வசந்தத்தில் தலைநகர் சோஃபியாவில் நடக்கும் உடற்கட்டுப் போட்டிக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். கலோயான்தான் பயிற்சியாளன். நல்ல பையன், நேரம் தவறமாட்டான். ஆனால் அவனிடம் எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டுத் திட்டம்தான். குளிர்காலம் முழுக்க நெவேனா இளைத்தாள். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மாடிப்படியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகு, தரதரவென்று இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் மிலேவா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. நாடித் துடிப்பு நாற்பதுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது, உடம்பு இதயத்தின் தசையையே தின்ன ஆரம்பித்தால் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்றார். காலை உணவுத் தட்டையாவது முழுதாகக் காலி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பேன், அப்போதும் எடை இறங்கியிருந்தால் மருத்துவமனையில் படுக்க வேண்டியதுதான் என்றார்.

ஏன் தட்டைக் காலி செய்வதில்லை என்று அவர் கேட்டதற்கு, நெவேனா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். "ரப்பர் டாக்டர். வறவறன்னு தொண்டையில போய் அடைச்சிக்குது. நீங்க ஒரு வாய் தின்னு பாருங்க, அப்புறம் என்னைக் கேளுங்க."

நான் அதை அப்படியே நம்பினேன். நானும் தின்று பார்த்தவன்தானே. பிரச்சினை பான்கேக்கில் இருக்கிறது, பான்கேக்கைச் சரிசெய்துவிட்டால் என் பெண்டாட்டி பிழைத்துவிடுவாள் என்று ஒரே கணக்காகப் போட்டேன். ஆண்பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும், பயம் பாதி போய்விடும்.

ஜிம்முக்குப் பின்னால் ஒரு சின்ன அடுப்படி உண்டு. அங்கே போய் நின்றேன். முதலில் தண்ணீரைக் கூட்டிப் பார்த்தேன். ஓரம் செருப்புத் தோல் மாதிரியும் நடு கொழகொழவென்றும் வந்தது. பிறகு, வெந்துவிட்டதா என்ற சந்தேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். மேலே அழகாகச் சிவந்து வந்தது, கடித்தால் பல் வழுக்கியது. எடுத்துக்கொண்டு போய்ப் பளு தூக்கிக்கொண்டிருந்த பையன்களிடம் நீட்டினேன்.

வெங்கோ என்கிறவன் அதை வளைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, என் காருக்குப் பின் டயர் ஒண்ணு வேணும். இன்னும் ரெண்டு சுட்டுக் குடுத்தா மாட்டிக்குவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.

கெடுத்துக் கெடுத்துத்தான் எனக்குப் புரிந்தது. முட்டையின் வெள்ளைக்கரு அதிகம் வெந்தால் எப்படி இறுகி நீர் விடுமோ, வே பவுடரும் சூடு பட்டால் அதையேதான் செய்யும். உள்ளே இருக்கும் புரதமெல்லாம் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மாவும் கொழுப்பும் சர்க்கரையும் இருந்தால் குறுக்கே புகுந்து, அந்தப் பிடியைத் தளர்த்தும். நாங்களோ குறுக்கே வரக்கூடிய எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டு, அதன் மேல் வெள்ளைக்கருவையும் ஊற்றி, பெரிய தீயில் சுட்டுக்கொண்டிருந்தோம். ரப்பர் வராமல் வேறு என்ன வரும்?

பவுடரைப் பாதியாகக் குறைத்தேன். அதிலும் பாதிக்கு, பாலிலிருந்தே எடுக்கிற இன்னொரு புரதமான கேசின் பவுடர் போட்டேன். அது வே மாதிரி இறுகாது, தண்ணீரைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் அதுவும் மாவாக உலர்ந்துவிடும் என்பதையும் ஒரு முறை கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். மாவுக்குப் பொடித்த ஓட்ஸ். ஈரத்துக்கு வேகவைத்து மசித்த பூசணியும் ஆடை எடுத்த தயிரும். தயிரின் புளிப்போடு சேர்ந்து பொங்க ஒரு சிட்டிகை சோடா. வெள்ளைக்கரு ஒன்றே ஒன்று. கலக்கியதைப் பத்து நிமிடம் அப்படியே ஊறவிட்டேன். சின்னத் தீ, மேலே மூடி. பவுடர் சீக்கிரம் சிவந்து ஆளை ஏமாற்றும் என்பதால் நிறத்தைப் பார்க்காமல், நடுவில் விரலால் தொட்டுப் பார்த்தேன். லேசாக ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட்டேன். மிச்சம் அதன் சூட்டிலேயே வெந்துகொள்ளும்.

வெங்கோ ஒரு வாய் வைத்தான். தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முழுசையும் தின்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லக்கூட அங்கே வெங்காயம் இல்லை.

மறுநாள் காலை நெவேனாவைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு செய்தேன். எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து அவளையே எண்ணைப் படிக்கச் சொன்னேன். அவள் ஃபோனில் கூட்டிப் பார்த்தாள். பழைய பான்கேக்குக்கும் இதற்கும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். புரதம் குறைகிறதே என்றாள். குறைவதைச் சாயங்காலம் பாலில் கலக்கிக் குடித்துக்கொள், அதைச் சுட்டுத்தான் தின்ன வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்றேன். அதற்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

தட்டை முன்னால் வைத்தேன். முள்கரண்டியால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கி, மெதுவாக எழுந்தது. ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய முகம் ஒரு நொடி வந்துபோனது. அடுத்த துண்டு. அடுத்த துண்டு. பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன போட்ட இதுல?"

"நீதானே எடையைப் படிச்ச. பக்கத்துலயேதானே நின்ன."

"எனக்குத் தெரியும்," என்றாள். "அதான் பயமா இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. விளங்காததால் கோபம் வந்தது. ரப்பர், வறட்சி, தொண்டையில் அடைக்கிறது என்று சொன்னதெல்லாம் யார் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவள் குரல் உயரவே இல்லை.

"டாக்டர்கிட்ட ஏதாவது சொல்லணுமே, சொன்னேன். அந்த ரப்பரை நான் ஒரு மணி நேரம் மெல்லுவேன், ஸ்தமென். வாய்க்கு வேலை இருக்கும். தாடை வலிச்சிடும், பாதியிலயே போதும்னு நிறுத்திடலாம். இது நாலு வாய்ல போயிடுது. போனதும் இன்னும் குடு, இன்னும் குடுன்னு உள்ள கத்துது. அதை நான் எப்படி அடக்குவேன்?"

அடக்காதே, தின்னு என்றேன். இன்னும் பத்து சுட்டுத் தருகிறேன் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். அதோடு விடவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து அதன் மேல் பிழிந்தாள். நான் போன பிறகு அவளே திரும்பிவந்து எடுத்துத் தின்றுவிடக் கூடாதல்லவா, அதற்காக.

அந்தப் பச்சைச் சோப்பு பான்கேக்கில் இறங்கியதைப் பார்த்தபோதுதான், நான் இத்தனை நாள் எதைச் சமைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு உறைத்தது. நோய் தட்டில் இல்லை. தட்டில் இருந்ததைத்தான் என்னால் சரிசெய்ய முடிந்தது.

அன்றிலிருந்து காலையில் அவள் ஒன்றுமே தின்னவில்லை. கருங்காப்பி மட்டும். கலோயானிடம் போய்ப் போட்டியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடு என்று சண்டை போட்டேன். பாவம், அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனே வீட்டுக்கு வந்து அவளிடம் பேசினான். போட்டி இல்லாவிட்டாலும் அவள் இதையேதான் செய்வாள் என்பது அவனுக்கும் தெரிந்துபோனது. வாசல்வரை வந்து, "அண்ணே, இது என் கைய மீறிப் போயிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலை நான் பழைய டப்பாவைத் திறந்தேன். வே பவுடர் இரண்டு கரண்டி. வெள்ளைக்கரு மூன்று. ஊறவிடவில்லை, மூடி போடவில்லை. பெரிய தீயில் வைத்து, எடுக்க வேண்டிய நேரத்தைத் தெரிந்தே தாண்ட விட்டேன். ஓரங்கள் சுருண்டு, நீர் கசிந்து, தவாவில் உஸ்ஸென்று காய்ந்தது. நன்றாக வரும் வழி தெரிந்த பிறகு வேண்டுமென்றே கெடுப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று எனக்குத் தெரியாது, அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்றுமே தின்னாமல் இருப்பதைவிட ரப்பரில் பாதியாவது தின்பது மேல் அல்லவா?

நெவேனா கடித்தாள். கிறீச் என்றது. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"இப்பதான் சரியா வந்திருக்கு," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். பாதி தின்றாள். நன்றி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் மிலேவா எடை பார்த்தார். இறங்கியிருந்தது. நாடியைப் பிடித்தபடியே, சாப்பாடு இப்போது தொண்டையில் இறங்குகிறதா என்று கேட்டார். நன்றாக இறங்குகிறது, இவர் பிரமாதமாகச் செய்து தருகிறார், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்றாள் நெவேனா. டாக்டர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். மேசைக்கு அடியில் அவள் கை என் கையைத் தேடிவந்து பிடித்தது. ஐஸ் கட்டி போல இருந்தது.

"மெத்துன்னு செஞ்சு குடுத்தேன் டாக்டர்," என்றேன். "நல்லா இருந்துச்சு. அதனாலதான் குப்பையில போட்டு மேல சோப்பை ஊத்திட்டா. நேத்து நான் வேணும்னே ரப்பரா சுட்டேன், அதுல பாதி தின்னா."

டாக்டர் ஃபோனை எடுத்து, ஒரு படுக்கை வேண்டும், இப்போதே வேண்டும் என்றார்.

நெவேனா என் கையை விட்டுவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. நர்ஸ் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தபோது, நான் பிடிக்கப் போனதை ஒதுக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தாள். தாழ்வாரத்தின் பாதியில் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"உன் கையால செஞ்சது இனிமே எனக்கு எதுவும் வேணாம்."

சரி என்றேன். உயிரோடு இருந்து அதைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்தேன்.