முன்னூற்று முப்பத்தெட்டு நாள்

அவர் பிழைதிருத்துபவர். பாடப்புத்தக அச்சுப்பிரதிகள் வீட்டுக்கே வந்துவிடும். பக்கவாதத்தில் விழுந்த அக்காவைப் பார்த்துக்கொள்ள அவரைவிட்டால் ஆளில்லை. அவருக்கும் அக்காவை விட்டால் யாருமில்லை. படுக்கை விரிப்பும் போர்வையும் தினமும் நனையும். கையில் துவைத்து இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் வாஷிங் மெஷின் வாங்கினார், முன்பக்கம் கதவு வைத்தது.

ஒரு மாதம் ஓடியதும் இணையத்தில் மதிப்புரை எழுதினார். ஐந்து நட்சத்திரம். “தினமும் ஓட்டுகிறேன். ஒரு வருடம் முடிந்ததும் எப்படி உழைத்தது என்று எழுதுகிறேன்” என்று முடித்திருந்தார். அதை நம்பி வாங்கியதாக நாற்பத்தொரு பேர் பதில் போட்டிருந்தார்கள்.

“உன் பேச்சையும் கேட்டு நாப்பத்தொரு பேர் வாங்கியிருக்காங்களாடா தம்பி?” என்று அக்கா வாய் கோணச் சிரித்தாள். “நான் ஒருத்தி இத்தனை வருஷமா கேட்டதே இல்லையே!”

ஒன்பதாம் மாதம், துணியைப் பிழியச் சுற்றும்போது கரகரவென்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மெஷினைப் பிரித்துப் போட்டுவிடுவான், விரிப்புகள் மலையாகக் குவியும். நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். பதினோராம் மாதம் முடிந்து மூன்றாம் நாள், மத்தியானத் தூக்கத்திலேயே அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான அன்று அவர் விரிப்பு ஒன்றையும் போர்வை ஒன்றையும் எடுத்துத் தனித்தனியாக மெஷினில் போட்டார். மறுநாளும் போட்டார். வருடம் முடிய வேண்டுமே, சொன்ன சொல் சொன்னதுதானே என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார்.

சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்க ஆரம்பித்ததும்தான் மெக்கானிக்கை வரவழைத்தார். வந்தவர் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, தண்ணீரை வடியவிட்டுத் துணியை வெளியே எடுத்தார். வெறும் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தார். உள்ளே ஏதோ அரைபட்டது. டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கினார், லொடலொடவென்று ஆடியது. பின்பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். சக்கரத்துக்குப் பின்னால் பழுப்பாக ஒரு கறை கீழே வழிந்திருந்தது.

“சீல் போயிருக்கு சார். தண்ணி பேரிங்குக்குள்ள இறங்கி துருப்பிடிச்சிருச்சு. கனமான போர்வையைத் தனியாப் போடுவீங்களா?”

“ஆமா.”

“அதான். நனைஞ்ச போர்வை ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். அந்தக் கனத்தோட வேகமாச் சுத்தினா எல்லா அடியும் பேரிங் மேலதான். கூட ரெண்டு மூணு துண்டு போட்டிருந்தா கனம் பரவியிருக்கும். சத்தம் எப்போலேர்ந்து?”

“மூணு மாசமா.”

“அப்பவே கூப்பிட்டிருந்தா பேரிங்கோட போயிருக்கும். இப்ப டிரம்மைச் சுத்துற தண்டும் தேஞ்சிருக்கு, டிரம்மையே மாத்தணும். வாரன்டி இருக்கு, பயப்படாதீங்க.” பேசிக்கொண்டே ஈர விரிப்பை வாளியில் போடப் போனவர் நின்று அதைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கறைகூட இல்லை, வடிந்த தண்ணீரும் தெளிவாக இருந்தது. “என்ன சார், துவைச்சதையே துவைக்கிறீங்களா?”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா போன அன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

மாலையில் மதிப்புரையைத் திறந்தார். அதுவும் ஒரு அச்சுப்பிரதி மாதிரிதான். பிழை இருந்தால் திருத்த வேண்டும். ஐந்து நட்சத்திரத்தை மூன்றாக்கினார்.

“முன்னூற்று முப்பத்தெட்டு நாள் உண்மையான உபயோகம். அதற்குப் பிறகு ஓட்டியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், துணியில் அழுக்கில்லை. துவைப்பதில் குறையே இல்லை. ஒன்பதாம் மாதம் பேரிங் போனது. பாதித் தவறு என்னுடையது: போர்வையைத் தனியாகப் போட்டேன், சத்தம் கேட்டும் சும்மா இருந்தேன். மற்ற பாதி மெஷினுடையது. நோயாளி இருக்கும் வீட்டில் போர்வைதான் துவைப்பார்கள். அதைத் தாங்க வேண்டாமா? என் பேச்சை நம்பி வாங்கியவர்கள் மன்னிக்கவும். பிழியும்போது சத்தம் மாறினால் அன்றே கூப்பிடுங்கள்.”

ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் எழுதியிருந்தாள். “எங்க அம்மா எட்டு மாசமா படுக்கைல. எங்க மெஷினும் போன வாரத்துலேர்ந்து கத்துது. நிறுத்தப் பயமா இருக்குங்க. நீங்க யாரைப் பார்த்துக்கிட்டீங்க?”

‘அக்காவை’ என்று தட்டச்சு செய்தவர், அழித்துவிட்டுத் தன் போன் எண்ணை அனுப்பினார். உடனே மணி அடித்தது. பெரிய போர்வையை விட்டுவிட்டு இரண்டு மெல்லிய போர்வையாகப் போர்த்தலாம், விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட் போட்டால் துணி பாதியாகக் குறையும் என்றெல்லாம் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

“நாளைக்கே மெக்கானிக்கை வரச் சொல்லிடுறேங்க. நாலு நாள் கையில துவைச்சுக்கறேன்.”

“சொல்லிடும்மா. இடுப்பை மட்டும் பார்த்துக்கோ. குனிஞ்சு துவைக்காதே, உட்கார்ந்து துவை.”

மறுநாள் டிரம் மாற்ற அவருடைய மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தைக் கழுவிவிட்டார். பிறகு தன் சட்டை இரண்டை வாளியில் ஊறவைத்து, உட்கார்ந்து துவைத்தார். கொடியில் போட்டபோது, இவ்வளவுதானா என்றிருந்தது.