ஐந்து மணிக்கு வராத பன்னிரண்டு பேர்

"நேரமும் வசதியும் போதாததால் மாணவர் எண்ணிக்கை குறைவு. எதிர்காலத்தில் விரிவாக ஆராயலாம்." ஆய்வின் குறைபாடுகள் என்ற தலைப்பின்கீழ் ஊரே ஒப்பிக்கும் இந்த இரண்டு வரியைத்தான் கரீமாவும் முதலில் எழுதினாள். ஏரி நடுவே இருக்கும் மீனவக் குப்பமான பசியாவரத்தில் மாலை ஐந்து மணிக்கு அவளே நடத்திய வாசிப்பு வகுப்பைப் பற்றிய எம்.எட். ஆய்வேடு அது. தானாக வந்த பிள்ளைகளையே சோதித்தாள். முதல் தேர்வுக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர், கடைசித் தேர்வுக்குப் பத்தொன்பது பேர். அந்தப் பத்தொன்பது பேரின் சராசரி இருபதுக்குப் பத்திலிருந்து பதினாலாக ஏறியிருந்தது. மற்ற பன்னிரண்டு பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

படகுத்துறையில் முனியம்மா மடக்கினாள்.

"இன்னா டீச்சர், எம் பொண்ணு பேரு உன் நோட்ல இல்லியாமே?"

"ரெண்டாவது பரீட்சைக்கு வரலியே, முனியம்மா."

"மொத நாளு எப்டியோ அனுப்பிட்டேன். தெனம் அஞ்சு மணிக்கு எப்படி வரும்? எங்க வூட்டுக்கு ஏரில பாடு கெடையாது. நான் தடவிப் புடிச்ச எறால கரைல கொட்டுற நேரம் அது. அவ தான தரம் பிரிக்கணும்!"

பாடு என்றால் முறை வைத்து வலை போடும் உரிமை. அது இல்லாத வீட்டுப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவித்தான் இறால் பிடிப்பார்கள். கரீமா வருகைப் பதிவைப் புரட்டினாள். வராத பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் அப்படிப் பாடு இல்லாத வீடுகளின் பிள்ளைகள். முதல் தேர்வில் அந்தப் பன்னிரண்டு பேரின் சராசரி ஐந்து. வகுப்பு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களைத்தான் கழித்துக் கட்டியிருந்தாள். எரிச்சலில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, குறைகளை ஒளிக்காமல் ஒரு பக்கம் எழுதினாள்.

வழிகாட்டி சம்பந்தம் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன் தலைல நீயே மண்ணை வாரிப் போட்டுக்குவியாம்மா? சரி, இருந்துட்டுப் போவட்டும். அந்தப் பக்கத்தை எவன் படிக்கப் போறான்?"

அவர் சொன்னதுதான் நடந்தது. வகுப்புக்கு ஆதரவளித்த அறக்கட்டளையின் கூட்டத்தில் அதன் பொறுப்பாளர் ஜலீல், "பத்துலேர்ந்து பதினாலு! ஜூன்லேர்ந்து ஏரியச் சுத்தி எல்லாக் குப்பத்துலயும் இதே அஞ்சு மணி கிளாஸ்தான்" என்றார். கைதட்டினார்கள். கரீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனியம்மாவின் மகளைப் போன்றவர்களை இனி ஊர் ஊராக வெளியே நிறுத்தப் போகிறார்கள், அதுவும் தன் பெயரைச் சொல்லி! எழுதிவிட்டால் போதும் என்று இருந்த தன் மேல்தான் அவளுக்கு அதிக ஆத்திரம்.

எழுந்து நின்றாள். "அறுபத்திரெண்டாம் பக்கம் எடுங்க சார்."

"இப்ப எதுக்கும்மா அது?"

அவளே உரக்கப் படித்தாள். "வகுப்புக்கு வராத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே இந்த ஏற்றம் வகுப்பால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. இடையில் நின்றவர்கள் தொடக்கத்திலேயே பின்தங்கியவர்கள், பெரும்பாலும் பாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள். இந்த முடிவு அவர்களுக்கோ மற்ற ஊர்களுக்கோ பொருந்தாது. ஐந்து மணி என்பது பிள்ளைகளைக் கேட்டு வைத்த நேரம் அல்ல. ஆய்வாளர் ஊர் திரும்பும் கடைசிப் படகு ஆறு மணிக்கு."

ஜலீல் ஆய்வேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார்.

"அப்போ அந்தப் புள்ளைங்க எத்தினி மணிக்கு வரும்?" என்றார் ஜலீல்.

"தெரியாது சார். நான் இன்னும் கேக்கவே இல்ல."