அரை மாத்திரை

போன் வந்தபோது டிரைவர் வீட்டில்தான் இருந்தார். காலை ஷிப்ட் முடித்து, குளித்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். புது நம்பர். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அதனால்தான் அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்க நேர்ந்தது.

"டிப்போவில எட்டு நாள் முன்னாடி யூரின் டெஸ்ட் குடுத்தீங்கல்ல? அதோட ரிசல்ட்ட சரிபார்க்கிற டாக்டர் பேசுறேன்" என்றது ஒரு பெண் குரல்.

டிரைவர் சிரித்தார். பாவி மனுஷன், சிரிக்கத்தான் செய்தார். டெஸ்ட் எடுத்த அன்று அவர் வீட்டுக்கு வந்து சொன்ன கதை அப்படி. யாரும் தண்ணீர் கலந்து ஏமாற்றக் கூடாதென்று கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருந்ததாம், குழாயை மூடிவிட்டார்களாம், கப்பில் சூடு காட்டும் பட்டை ஒட்டியிருந்ததாம். அவர் கண் முன்னாலேயே இரண்டு பாட்டிலில் ஊற்றி சீல் வைத்தார்களாம். "நல்லவேளை, அந்த மாத்திரைய முன்னாடியே நிறுத்தித் தொலைச்சேன்" என்று அன்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அவர் நிறுத்தியது தன் சொந்த மாத்திரையை. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து ஓடும் வேலை. படுத்தால் தூக்கம் வராமல் மனுஷன் பேய் மாதிரி வீட்டைச் சுற்றி வந்தார். டாக்டர் தூக்கத்துக்கு ட்ராசடோன் என்ற மாத்திரையை எழுதித் தந்தார். டிப்போ நர்ஸ் மருந்துச் சீட்டைப் பார்த்து பைலில் வைத்துக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் ஒட்டகம் வாயைத் திறந்தான்.

ஒட்டகம் என்பது பன்னிரண்டாம் ரூட் டிரைவர். நீளக் கழுத்து, அதற்குத் தகுந்த நாக்கு. அவனும் அதே ட்ராசடோன் போட்டவன். டெஸ்டில் முதல் சுற்றில் ஆம்பெட்டமின் என்ற போதைப்பொருள் இருப்பதாகக் காட்டிவிட்டதாம். பன்னிரண்டு நாள் வீட்டில் உட்கார வைத்தார்களாம். டிப்போ முழுக்க அவனைப் பவுடர் பார்ட்டி என்றே கூப்பிட்டதாம். "அண்ணே, தூக்க மாத்திரைன்னு எது இருந்தாலும் தூர எறிங்க" என்றான். எப்படித் தப்பினான் என்பதை அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அன்றே மாத்திரை அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது.

தூக்கம் மறுபடி போனது. நான்கு நாள் பார்த்தாள் மனைவி. அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்தே உட்காருகிறவள். தசைப்பிடிப்புக்கு என்று டாக்டர் எழுதித் தந்த மாத்திரை இருந்தது. போட்டால் இடுப்பும் தளரும், ஆளும் அடித்துப் போட்டது போல் தூங்குவாள். "இது தூக்க மாத்திரை இல்லீங்க, இடுப்பு வலி மாத்திரை. பாதி போடுங்க" என்றாள். அட்டையிலிருந்து எடுத்து, கத்தியால் பாதியாக வெட்டி, தண்ணீரோடு நீட்டினாள். பதினோரு நாள். டெஸ்டுக்கு முந்தின நாள் வரைக்கும்.

"உங்க சாம்பிள்ல டயஸிபாம்ங்கிற, தூக்கம் வர வைக்கிற மருந்து உடம்புக்குள்ள மாறி வர்ற பொருளெல்லாம் இருக்கு" என்றார் டாக்டர். "முதல் டெஸ்ட்லயும் வந்திருக்கு, பெரிய மெஷின்ல போட்டு உறுதியும் பண்ணிட்டாங்க. டயஸிபாம் உங்களுக்கு யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

"எனக்கு ட்ராசடோன்தானுங்க எழுதினாங்க. அதையும் நிறுத்திட்டேன்."

"ஏன் நிறுத்துனீங்க?"

"டெஸ்ட்ல காட்டும்னு..."

"ட்ராசடோன் போட்டா முதல் டெஸ்ட்ல சிலருக்கு ஆம்பெட்டமின்னு தப்பாக் காட்டும். உண்மைதான். ஆனா ரெண்டாவது மெஷின் அது ஆம்பெட்டமின் இல்லைன்னு பிரிச்சுக் காட்டிடும். உங்ககிட்ட சீட்டும் இருந்திருக்கு. ஒரு கேள்வியும் வந்திருக்காது."

மனைவி அட்டையை எடுத்து வந்து பின்பக்கத்தைத் திருப்பினாள். இத்தனை நாள் பச்சை அட்டை என்று மட்டும் தெரிந்த அவளுக்கு, பொடி எழுத்தில் டயஸிபாம் என்று இருந்தது அன்றுதான் கண்ணில் பட்டது. போனைப் பிடுங்காத குறையாகக் குனிந்தாள்.

"டாக்டரம்மா, அது என் மாத்திரை. நான்தான் குடுத்தேன். என் பேர்ல சீட்டு இருக்கு, இப்பவே அனுப்பறேன். அவருக்கு என்னன்னே தெரியாது. தப்பு என்னோடது."

"உங்களச் சந்தேகப்படலம்மா. ஆனா சீட்டு அவர் பேர்ல இருக்கணும். அடுத்தவங்க மருந்துன்னா என்னால ஏத்துக்க முடியாது."

"எங்க டாக்டர்கிட்ட இன்னிக்கே அவர் பேர்ல ஒண்ணு வாங்கிடறேன்!"

"டெஸ்டுக்கு அப்புறம் எழுதுனது செல்லாதும்மா." குரலில் கடுமை இல்லை, அதுதான் அவளை இன்னும் கொன்றது. "பாசிட்டிவ்னுதான் அனுப்பணும். டிப்போவுக்கும் போகும், லைசென்ஸ் ஆபீசுக்கும் போகும். ரெண்டாவது பாட்டில வேற லேப்ல பார்க்கச் சொல்லி மூணு நாளுக்குள்ள கேக்கலாம், அது உங்க உரிமை. இன்னிலேர்ந்து வண்டி எடுக்காதீங்க."

போன் வைத்த பிறகு இரண்டு பேரும் சாப்பாட்டைத் தொடவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை மேசையில் சும்மா கிடந்தது. அவருக்கு வேறு வேலை தெரியாது. ஐம்பது வயதில் யார் கற்றுத் தருவார்கள்?

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒட்டகத்தைத் திட்டினாள். பொடி எழுத்தில் அச்சடித்தவனைத் திட்டினாள். இடுப்பைத் திட்டினாள். கடைசியில் தன் தலையிலேயே பட்பட்டென்று அடித்துக்கொண்டாள். "அரை மாத்திரைங்க! தலைவலிக்குப் பக்கத்து வீட்டுல வாங்கிப் போடறதில்லையா? குடிச்சுட்டு ஓட்டறவனெல்லாம் ஊர்ல நல்லா இருக்கான். பேர் மாறிப்போச்சுன்னு ஒருத்தர் சோத்தைப் பிடுங்குவாங்களா? எந்திரிங்க, பேனா எடுங்க. ரெண்டாவது பாட்டிலப் பார்க்கச் சொல்லி எழுதுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

"எழுதுங்கன்னு சொல்றேன்ல!"

"வேணாம்."

"ஏன் வேணாம்? ஒருவேளை அதுல..."

"அதுலயும் அதேதான் இருக்கும். நான்தானே போட்டேன்." தட்டைத் தள்ளி வைத்தார். "ஒண்ணு சொல்றேன், கத்தாத. மாத்திரை ஆரம்பிச்சு ஆறாவது நாள். காலைல, பள்ளிக்கூடத்து வளைவு. பிள்ளைங்கள ரோடு தாண்ட விடுற அம்மா 'நில்'னு எழுதின பலகையைத் தூக்கிக்கிட்டு நடுவுல நிக்குறா. நான் பார்க்கல."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்."

"மழைநாள். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ஆனா பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு தலை. அவ கையால பஸ் மூஞ்சியில ஓங்கி அடிச்சா. அந்தச் சத்தத்துலதான் பிரேக்க மிதிச்சேன். அவளுக்குப் பின்னாடி மூணு பிள்ளைங்க, கையக் கோத்துக்கிட்டு நின்னுச்சுங்க. வண்டிக்குள்ள நாப்பது பேரு விழுந்து எந்திரிச்சாங்க. நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

பேர் மாறிய சீட்டு, பொடி எழுத்து, ஒட்டகம் எல்லாம் எங்கேயோ போனது. நினைவில் அந்த நாளைத் தேடினாள். மழை பெய்த நாள் ஒன்றுதான். அன்று மத்தியானம் நனைந்து வந்தவரிடம், "இப்பல்லாம் நல்லாத் தூங்கறீங்கல்ல?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அவர் ஆமாம் என்று தலையாட்டியதும் வந்தது.

"அன்னிக்கு ராத்திரியும் போட்டீங்களே" என்றாள்.

"நீ நீட்டினே, வாங்கிப் போட்டேன். தூங்கணும்னு இருந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திருப்பியே."

அவர் எழுந்து, தொடாத சாப்பாட்டை மூடி வைத்தார். டிப்போவுக்குத் தானே போன் போட்டு, நாளைக் காலை வண்டிக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார்.