ஊரார் சொல்லும் பெயர்

கிணத்துக்கடவு கூரியர் ஆபீசில் நான் உட்கார்ந்த முதல் வாரமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த ஊரில் யாருக்கும் தங்கள் விலாசம் தெரியாது. விலாசம் மெஹராஜுக்குத்தான் தெரியும். பதினோரு வருஷமாக இங்கே பார்சல் கொண்டுபோனவர். ஒரு தென்னந்தோப்பை நாலு பேர் நாலு விதமாக எழுதினாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார். அந்த மனிதரை மதுக்கரை கிளைக்கு மாற்றினார்கள். ஊரின் விலாசம் மொத்தமும் அவர் தலைக்குள் உட்கார்ந்து மதுக்கரைக்குப் போய்விட்டது.

பதிலுக்கு வந்தவர் சாஜித். என்னைப் போலவே டவுன் ஆள், கோட்டைமேட்டுக்காரர். இங்குள்ளவர்கள் கிழக்கு மேற்கு என்று வழி சொல்லுவார்கள். அவருக்கு இடது வலதுதான் தெரியும். நாள் ஒன்றுக்கு ஏழு பார்சல் 'முகவரி கிடைக்கவில்லை' என்று திரும்பி வந்தது. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, படிவம்தான் வரும். ஒன்று போட்டேன்.

பெயர், கதவு எண், சாலை, ஊர், பின்கோடு. இந்த வரிசை மாறக் கூடாது. அடுத்து அடையாளம். அது நகரக் கூடாது, சாலையில் வருகிறவன் கண்ணில் பட வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தால் எந்தக் கைப்பக்கம் என்றும் சொல்ல வேண்டும். கடைசி வரி தமிழில்: ஊரார் அந்த இடத்தை எப்படிச் சொல்லுவார்கள்? மேலே உள்ளது எங்கள் கம்ப்யூட்டருக்கு. கடைசி வரி, வழியில் ஆடு மேய்க்கிறவரை நிறுத்திக் கேட்பதற்கு.

சொல்லிக் கொடுத்தும் ஒருவர் அடையாளமாக, வாசலில் எப்போதும் படுத்திருக்கும் நாயை எழுதினார். இன்னொருவர் 'உயரமான தென்னை' என்றார். தென்னந்தோப்புக்கு நடுவில் குடியிருக்கிறவர் அவர்.

வெங்கடபதி நாயுடு மட்டும் தானாகவே ஆபீஸ் தேடி வந்தார். தலையில் உருமால் கட்டியிருந்தார். பெரிய தோப்புக்காரர். புதன்கிழமை மகள் ஹாரிகாவுக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"அம்மணி, எம்பேருக்கு ஒரு பார்சல் வருதுங்க. புதங்கெழமை நாலு மணிக்குள்ள கைக்கு வந்தாகோணும். போன் மட்டும் பண்ணிறாதீங்க. போன் எங்க ஊட்டுக்காரி கையிலதான் இருக்கும்."

உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. அவரே சொல்லிவிட்டார். விக். சம்பந்தி வீட்டார் நாலரைக்கு வருகிறார்கள், போட்டோ எடுப்பார்கள், மகள் கல்யாண ஆல்பத்தில் தன் தலை பளபளக்கக் கூடாது என்று மூன்று மாதமாகத் தூக்கமில்லையாம். அறுபது வயது மனிதர் அதைச் சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. போன் கிடையாது என்றால் விலாசம் மட்டுமே துணை என்று சொல்லி, படிவத்தை நீட்டினேன்.

கதவு எண் சுத்தமாக எழுதினார். அடையாளத்துக்கு டிரான்ஸ்பார்மர், வலது கைப்பக்கம். சபாஷ் என்று நினைத்தேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. 'வெங்கடபதி கார்டன்ஸ்' என்று எழுதினார். ஊரார் இப்படியா சொல்கிறார்கள் என்று கேட்டேன். இனிமேல் சொல்லுவார்கள் என்றார். நிச்சயதார்த்தப் பத்திரிகையிலும் அதையே அச்சடித்திருக்கிறாராம். நான் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

புதன்கிழமை மூன்றரைக்கு சாஜித் அழைத்தார். அந்தச் சாலையில் டிரான்ஸ்பார்மர் மூன்று இருக்கிறதாம், மூன்றுமே வலது பக்கம். வெங்கடபதி கார்டன்ஸ் என்று பேக்கரியில் கேட்டால், அது புது ரிசார்ட்டா என்று திருப்பிக் கேட்கிறார்களாம். அதோடு போகவில்லை. அவருக்குப் பின்னால் ஐந்து கார்கள் வந்துகொண்டிருந்தன.

சம்பந்தி வீட்டார்தான். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து முதல் தடவையாக இந்த வீட்டுக்கு, தட்டு வரிசையோடு முன்கூட்டியே கிளம்பியவர்கள். பத்திரிகையில் இருந்த பெயரைப் போனில் போட்டுத் தேடியதில் அது அவர்களை ஒரு கோழிப்பண்ணைக்குள் விட்டிருக்கிறது. வெளியே வந்ததும் கூரியர் பைக் கண்ணில் பட்டது. கூரியர்காரனுக்குத் தெரியாத வீடா என்று பின்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். சாஜித் தென்னைநார் மில்லுக்குள் திரும்பினால் ஐந்து காரும் மில்லுக்குள். அவர் வெளியே வந்தால் ஐந்தும் வெளியே. மில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். 'முகவரி கிடைக்கவில்லை' என்று போட்டுவிட்டுக் கிளம்பட்டுமா என்று சாஜித் கேட்டார். அப்படிப் போட்டால் பார்சல் நாளைக்குத்தான் மறுபடி கிளம்பும். நாளைக்கு அந்தத் தலையை யார் போட்டோ எடுக்கப்போகிறார்கள்?

அவரைப் போனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஆபீஸ் போனில் நாயுடு நம்பரைப் போட்டேன். சொன்னபடியே அவர் மனைவி ராமாமணி அம்மாதான் எடுத்தார். கூரியர் ஆபீஸ் என்று மட்டும் சொல்லி, போனை நாயுடுவிடம் கொடுக்கச் சொன்னேன். பந்தல், நாதஸ்வரம், பாத்திரச் சத்தம். நாயுடு மூச்சுத்தான் முதலில் கேட்டது.

"ஏனுங்கய்யா, பார்சலும் மாப்பிள்ளையும் ஒண்ணா நார் மில்லைச் சுத்திட்டிருக்காங்க. உங்க தோட்டத்த ஊருக்குள்ள என்னன்னு சொல்லுவாங்க? அதைச் சொல்லுங்க."

நாதஸ்வரம் ஒரு கீர்த்தனையை முடித்து அடுத்ததைத் தொடங்கியது. மூன்று ஐம்பத்திரண்டு. மனிதர் ஒரு பக்கம் தலையையும் இன்னொரு பக்கம் மகளையும் நிறுத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஒரு படிவத்தின் கடைசி வரிக்காக நான் அவ்வளவு பதறியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

"சொட்டையர் தோட்டமுங்க" என்றார்.

நாதஸ்வரச் சத்தத்துக்கு மேல் எனக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திச் சொல்லிவிட்டார். பந்தல் மொத்தத்துக்கும் கேட்டிருக்கும். நான் அதை அப்படியே சாஜித்திடம் சொன்னேன். அவர் ஆட்டுக்காரம்மா ஒருவரிடம் கேட்டார். கேள்வி முடிவதற்குள் அந்த அம்மா வழி சொன்னது எனக்கே கேட்டது. மேக்கால போனா ரெண்டாவது தடம். சாஜித்துக்கு மேற்கு புரியாது என்று கண்டு, கையையும் நீட்டியிருக்க வேண்டும். நாலு நிமிஷம். பைக்கும் ஐந்து காரும் ஒன்றாகப் போய் வாசலில் நின்றன. விக்கைப் பிரித்து மாட்ட ஒரு நொடி கூட மிச்சமில்லை.

சாஜித் போனை அணைக்கவில்லை. நானும் அணைக்கச் சொல்லவில்லை. கார்க் கதவுகள் திறந்தன. மாப்பிள்ளையின் அப்பா சீனிவாசலு ஏற்கெனவே ஒரு கோழிப்பண்ணை பார்த்தவர். சாஜித் வழி கேட்ட பெயர் பின்னால் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. இறங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள நினைத்துவிட்டார்.

"சொட்டையர் தோட்டம் இதானுங்களா?"

நாதஸ்வரம் கூட நின்றுபோனது. நான் ஆபீஸ் நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றார் நாயுடு. "எங்க தாத்தா ஒரு சொட்டை, எங்கய்யன் ஒரு சொட்டை, நான் மூணாவதுங்க. வாங்க, எல்லாரும் உள்ள வாங்க."

முதலில் சிரித்தது ஒரு பெண் குரல். ஹாரிகா என்று சாஜித் அப்புறம் சொன்னார். அழுதுகொண்டே சிரித்தாளாம், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அதன் பிறகு ஐந்து காரும் சிரித்தது. ராமாமணி அம்மாவின் சிரிப்பு மட்டும் தனியாகத் தெரிந்தது.

கூட்டம் உள்ளே போனதும் சாஜித் பார்சலை நீட்டியிருக்கிறார். நாயுடு வாங்கவில்லை. பார்சல் திரும்புவதற்கான காரணக் கட்டத்தில் என்ன போடுவது என்று சாஜித் என்னிடம் கேட்டார். 'வாங்க மறுத்தார்' என்று போடச் சொன்னேன். முகவரி கிடைத்துவிட்டதே.

"சித்திகா, இவரு ஒண்ணு சொல்றாரு" என்றார் சாஜித். போன் கை மாறியது.

"அம்மணி, அந்தக் கடைசி வரிய மாத்தி எழுதிப் போடுங்க, கல்யாணப் பத்திரிகையிலயும் அதேதான் போடப்போறனுங்க. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும். அடுத்த மாசம் கல்யாணத்துக்கு நெறையப் பேரு வருவாங்க."