சிவப்பு மூடிக் கன்னம்

கடைசி நாளின் கடைசி ஆளாக வந்து உட்கார்ந்தவள் சொந்தத் தங்கை என்பதால் மீட்டர் அக்கா கொஞ்சம் சாவகாசமாகவே இருந்தாள். பரிசோதனைக்கு வரும் பெண்கள் வைத்த பெயர் அது. கன்னத்தில் பேனா போன்ற கருவியை அழுத்தி, தோலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அழகுக் கிரீம் கம்பெனிகளுக்குச் சோதனை நடத்திக் கொடுக்கும் சின்ன நிறுவனம். சூடும் ஈரமும் மாறிவிடக் கூடாதென்று அந்த அறையில் ஜன்னலையே திறப்பதில்லை. வருகிறவர்கள் முகம் கழுவிவிட்டு இருபது நிமிடம் பேசாமல் காத்திருக்க வேண்டும். பெண்களைப் பேசாமல் உட்கார வைப்பதே பாதி சம்பளத்துக்கான வேலை என்று அவள் சொல்வாள்.

இந்த முறை முப்பது பெண்கள், நான்கு வாரம். இடது கன்னத்துக்குச் சிவப்பு மூடி டப்பா, வலது கன்னத்துக்கு நீல மூடி. ஒன்றில் கம்பெனியின் புதுக் கிரீம், மற்றதில் அதே கிரீம், ஆனால் விசேஷ மருந்துச் சத்து மட்டும் இல்லாதது. எது எதுவென்று பூசுகிறவளுக்கும் தெரியக் கூடாது, அளக்கிறவளுக்கும் தெரியக் கூடாது. அதனால் அவள் டப்பாக்களைத் திறந்தே பார்க்கவில்லை. இந்த நீல மூடி யோசனை அவளுடையது. வழக்கமாக இங்கே ஒரே கிரீமைக் கொடுத்து, முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று பார்த்து முடித்துவிடுவார்கள்.

"அக்கா, அந்த நீல மூடி என்ன கண்றாவி? ஒரு வாசனையும் இல்ல. சிவப்பத் திறந்தா ரூமே மணக்குது."

மீட்டர் அக்காவின் கை நின்றுவிட்டது. தங்கை திருப்பிக் கொண்டுவந்திருந்த டப்பாக்களை எடுத்து இரண்டையும் முகர்ந்தாள். சிவப்பு ரோஜாத் தோட்டமாக மணந்தது. நீலம் வெறும் மெழுகு. மருந்துச் சத்து இல்லாமல் அனுப்புங்கள் என்று கேட்டாளே தவிர, வாசனையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று எழுத மறந்திருந்தாள். கம்பெனிக்காரன் இரண்டையும் எடுத்துவிட்டான். தன்னிடமிருந்தே மறைக்க வேண்டும் என்று அவ்வளவு ஒழுங்காக இருந்தவள், அந்த ஒழுங்கினாலேயே கோட்டை விட்டாள். முப்பது பெண்களுக்கும் எது அசல் என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"நீ எந்தப் பக்கம் பொலிவா இருக்குன்னு எழுதின?"

"இதென்ன கேள்வி? சிவப்புப் பக்கம்தான். கண்ணாடியில பாத்தாலே தெரியுதே."

கண்ணாடியில் மீட்டர் அக்காவுக்குத் தெரிந்தது வேறு. தங்கைக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு கன்னத்திலும் மங்கு, திட்டுத் திட்டாகக் கறுப்பு. தோல் டாக்டர் கொடுத்த ஆயின்மென்டும் சன்ஸ்கிரீனும் ஆமை வேகத்தில் அதை மங்க வைத்துக்கொண்டிருந்தன. சிகிச்சையில் இருப்பவளை இந்தச் சோதனையில் சேர்க்கவே கூடாது. ஆள் குறைந்ததும் மேலாளர், "உன் தங்கச்சி இருக்கால்ல?" என்றார். சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே முகத்தில் வேறெதுவும் பூசக் கூடாது என்பது விதி. "அஞ்சு வாரம்தானேடி, நிறுத்திக்கோ" என்று சொன்னது இந்த அக்காதான். இப்போது மங்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுத்திருந்தது.

கணக்கு முடிந்ததும் மேலாளரின் அறைக்குப் போனாள். நல்ல மனுஷர். யாரையும் அதட்ட மாட்டார், அதுதான் அவரிடம் ஆபத்து.

"சார், சோதனை கெட்டுப்போச்சு. வாசனைய வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க."

"மெஷின் என்ன சொல்லுது?"

"ரெண்டு கன்னமும் ஒண்ணுதான் சார். நீலத்துலயும் அதே அளவுதான் ஈரம் கூடியிருக்கு."

"சிவப்புல கூடியிருக்கில்ல?"

"ஒரு வாரம் எதுவும் பூசாம தோலக் காயவிட்டுட்டு, அப்புறம் எதப் பூசினாலும் கூடும் சார். சாதா கிரீமப் பூசினாலும் கூடும்."

"கூடியிருக்கா, இல்லையா?"

"கூடியிருக்கு."

"அப்ப மருத்துவப் பரிசோதனையில நிரூபிக்கப்பட்டதுன்னு போட்டுக்கலாம். சரி, கேள்வித்தாள்ல?"

"ஏழு பேரு முழுசா ஒப்புக்கறேன்னு எழுதியிருக்காங்க. பத்தொம்பது பேரு ஓரளவு ஒப்புக்கறேன்னு."

"ரெண்டையும் கூட்டு. இருபத்தாறு. எண்பத்தேழு சதவீதம் பெண்கள், நாலே வாரத்துல கண்ணுக்குத் தெரியும் பொலிவு. கீழ பொடி எழுத்துல, முப்பது பேரோட சொந்தக் கருத்துன்னு போட்டுடுவாங்க."

"அந்த ஓரளவு எல்லாம் வாசனை சார்."

அவர் சிரித்தார். "இதுல பொய் எங்கம்மா இருக்கு? ஒரு வரி காட்டு, அடிச்சிடறேன்."

அவள் தேடினாள். ஒவ்வொரு வரியும் உண்மையாகத்தான் இருந்தது. பொய் நீலக் கன்னத்தை விட்டுவிட்டதில் இருந்தது, அதற்கென்று அடிப்பதற்கு ஒரு வரியும் இல்லை.

"சோதனை செல்லாதுன்னு நீ எழுதலாம்" என்றார் மேலாளர் மெதுவாக. "தாராளமா எழுது. ஏன் செல்லாதுன்னு கேப்பாங்க. வாசனைய மறந்தது யாருன்னு கேப்பாங்க. ட்ரீட்மென்ட்ல இருக்கிற சொந்தத் தங்கச்சிய யாரு சேத்ததுன்னும் கேப்பாங்க. நான் வாயத் திறக்க மாட்டேன், ஆனா நீ எழுதினப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல பாரு."

சேர்க்கச் சொன்னவர் அவர்தான் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. தங்கையும் குழந்தையும் இருக்கும் தன் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்தி. அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் ரோஜா மணந்தது. தங்கை கண்ணாடி முன்னால் இருந்தாள். கன்னங்கள் இன்னும் கறுத்திருந்தன. சோதனை முடிந்ததும் அக்கா வாங்கி வைத்த புது ஆயின்மென்ட் அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. தினம் ஒரு சாக்குச் சொல்லி அவள் அதைத் தள்ளிப் போட்டதன் காரணம் இப்போது மேசைமேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"கடைக்கு வந்துடுச்சுக்கா! டப்பா மேல பாரு, எண்பத்தேழு சதவீதம். அதுல நானும் ஒருத்தின்னு கடைக்காரர்கிட்டயே சொல்லிட்டு வந்தேன்."

"அதுல ஒண்ணும் இல்லடி. மங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ரெண்டு கன்னமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, மெஷின்லயே தெரிஞ்சுது. நீங்க எல்லாரும் வாசனையப் பாத்து ஏமாந்துட்டீங்க. தப்பு என்னோடதுதான்."

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வாசனையைச் சொன்னாள், காயவிட்ட வாரத்தைச் சொன்னாள், ஓரளவையும் முழுசையும் கூட்டியதைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். தங்கையின் முகம்தான் இறுகிக்கொண்டே போனது.

"அப்ப கையெழுத்து?"

"போட்டேன்."

"ஊருக்கெல்லாம் நல்லதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வருவ. எனக்கு மட்டும் வீட்டுல வந்து நல்லதில்லம்ப. ரெண்டுல எந்த அக்காவ நான் நம்பணும்?"

"என்ன நம்புடி. நாளையிலேருந்து ஆயின்மென்ட்டப் போடு."

"போடறேன். இப்ப என்கிட்ட சொன்னியே, அத அப்படியே உன் ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு வா. அன்னைக்கே இதத் தூக்கிக் குப்பையில போட்டுடறேன்."

மீட்டர் அக்கா டப்பாமேல் இருந்த பொடி எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை கொஞ்ச நேரம், உண்மையாகவே, காத்திருந்தாள். பிறகு கண்ணாடியின் பக்கம் திரும்பி, மூடியைத் திறந்து, இரண்டு கன்னத்துக்கும் தாராளமாகப் பூசிக்கொண்டாள்.